ரொக்க ஏடும் வங்கி அறிக்கையும்: வித்தியாசம் எந்த மாதத்தில் பிறந்தது?

"அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் மாமனாரின் அப்பள மொத்த வியாபாரத்துக்கு ஏப்ரலில் இருந்து நான் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் ரொக்க ஏட்டில் உள்ளதைவிட வங்கியில் 18,000 ரூபாய் அதிகம். மே கடைசியில் 3,516 குறைவு. ஜூன் கடைசியில் 23,344 அதிகம். பலமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன், கூட்டலில் தவறில்லை. ஏட்டின் நகலையும் வங்கி அறிக்கையையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு?"

கூட்டலை இனிப் பார்க்க வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் தேடும் இடம்தான் சரியில்லை. ஜூன் 30-ஆம் தேதி இருப்பை வைத்துக்கொண்டு பின்னோக்கித் தேடுகிறீர்கள். மூன்று மாதத்து விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடக்கும் தொகை அது. அதிலிருந்து எதையும் பிரித்து எடுக்க முடியாது. மார்ச் 31-இல் தொடங்கி முன்னோக்கி வர வேண்டும்.

மார்ச் 31-இலும் இரண்டு இருப்பும் ஒன்றாக இல்லை. ஆடிட்டர் கையெழுத்திட்ட வங்கிச் சரிக்கட்டும் பட்டியலின் நகல் உங்கள் தாள்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அன்றைக்கு வங்கியில் 9,000 ரூபாய் அதிகம். மார்ச் 12-ஆம் தேதி சிவகாசி அச்சகத்துக்கு, பாக்கெட் லேபிளுக்காகக் கொடுத்த காசோலை அது. வங்கிக்கு வரவில்லை. இந்த ஒற்றை வரியை நீங்கள் ஏப்ரலுக்குக் கொண்டுவரவில்லை. புதிதாகக் கணக்கு எழுத வருபவர்கள் ஏப்ரல் ஏட்டையும் ஏப்ரல் அறிக்கையையும் மட்டும் அருகருகே வைத்து டிக் போடுவார்கள். போன மாதம் கொடுத்து இந்த மாதம் பணமாகும் காசோலை அறிக்கையில் மட்டும் தெரியும், ஏட்டில் தெரியாது. உடனே வங்கிமேல் சந்தேகம் வந்துவிடும். எனவே ஒவ்வொரு மாதமும் முதல் வேலை, போன மாதப் பட்டியலில் நிலுவையில் நின்றவற்றை இந்த மாத அறிக்கையில் தேடி டிக் போடுவது. அதற்குப் பிறகே இந்த மாத ஏட்டைத் தொட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் பென்சில் குறிப்புகளில் ஓரிடத்தில் குழப்பம் தெரிகிறது. ஏட்டின் வங்கிப் பத்தியில் பணம் வந்தால் பற்று, போனால் வரவு. வங்கி அறிக்கையில் அது நேர் எதிர். உங்கள் பணம் வங்கிக்குக் கடன் என்பதால், நீங்கள் போட்டதை அவர்கள் வரவு என்றும் எடுத்ததைப் பற்று என்றும் எழுதுகிறார்கள். உங்கள் பற்றுப் பத்தியை அவர்களுடைய வரவுப் பத்தியோடுதான் ஒப்பிட வேண்டும். டிக் போடும்போது தொகையை மட்டும் பார்க்காமல் காசோலை எண்ணையும் பாருங்கள். உளுந்து வாங்கும் வியாபாரத்தில் ஒரே தொகைக்கு இரண்டு காசோலை போவது சாதாரணம். தொகையை மட்டும் பார்த்து டிக் போட்டால் பணமாகாத ஒன்று பணமானதாகக் கணக்காகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். வித்தியாசம் இரண்டு வகை. முதல் வகை, நேரத்தால் வருவது: நீங்கள் எழுதிவிட்டீர்கள், வங்கிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது தானாகச் சரியாகும், அதற்கு ஏட்டில் எதுவும் எழுதக் கூடாது. இரண்டாம் வகை, எழுதாமல் விட்டதாலோ தவறாக எழுதியதாலோ வருவது. அது நீங்கள் கை வைக்கும்வரை ஒவ்வொரு மாதமும் கூடவே வரும். மாதக் கடைசி வித்தியாசத்தில் இரண்டும் கலந்திருப்பதால்தான் எண் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு மாதக் கடைசிக்கும் முதல் வகையை மட்டும் எடுத்து ஒதுக்கிவிட்டு, மீதி என்னவென்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 30-இல் வங்கிக்கு வராமல் நின்ற காசோலைகள் இரண்டு: அச்சகத்தின் 9,000, ஏப்ரல் 29-இல் விருதுநகர் உளுந்து மண்டிக்குக் கொடுத்த 13,500. இவை இரண்டும் சேர்ந்து வங்கியில் 22,500 அதிகம் காட்டும். மறுபக்கம், அம்பாசமுத்திரம் கடை கொடுத்த 4,500 ரூபாய் காசோலையை 30-ஆம் தேதி மாலை வங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். மே 1 விடுமுறை, 2-ஆம் தேதிதான் வரவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு வங்கியில் குறையும். 22,500-இல் 4,500 போனால் 18,000. உங்கள் ஏப்ரல் வித்தியாசம் முழுவதும் இதுதான். ஏப்ரலில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

மே 31-இல் நின்றது அச்சகத்தின் 9,000 மட்டும். அப்படியானால் வங்கியில் 9,000 அதிகம் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 3,516 குறைவு. இரண்டையும் சேர்த்தால், காரணம் தெரியாமல் 12,516 ரூபாய் வங்கியில் குறைகிறது.

ஜூன் 30-இல் நின்றவை, அதே 9,000-மும் ஜூன் 29-இல் உளுந்து மண்டிக்குக் கொடுத்த 19,000-மும். மொத்தம் 28,000. எதிர்ப்பக்கம், 30-ஆம் தேதி கடையில் கியூ.ஆர். அட்டை வழியாக வந்த 6,340 ரூபாயை அன்றே ஏட்டில் எழுதிவிட்டீர்கள். உங்கள் செயலி நிறுவனம் அன்றன்றைய வசூலை மொத்தமாகச் சேர்த்து மறுநாள் வங்கிக்கு அனுப்புகிறது, ஆகவே அது ஜூலை 1 அறிக்கையில்தான் வரும். 28,000-இல் 6,340 போனால் வங்கியில் 21,660 அதிகம் இருக்க வேண்டும். இருப்பது 23,344.

| மாதக் கடைசி | வங்கியில் உள்ள வித்தியாசம் | நேரத்தால் வந்தது | காரணம் தெரியாதது |
|---|---|---|---|
| ஏப்ரல் | 18,000 அதிகம் | 18,000 அதிகம் | இல்லை |
| மே | 3,516 குறைவு | 9,000 அதிகம் | 12,516 குறைவு |
| ஜூன் | 23,344 அதிகம் | 21,660 அதிகம் | 1,684 அதிகம் |

கடைசிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஏப்ரலைத் தேட வேண்டியதே இல்லை. மே மாதத்தில் 12,516 குறையும்படி ஏதோ நடந்திருக்கிறது. ஜூனில் அது 12,516 குறைவிலிருந்து 1,684 அதிகத்துக்கு நகர்ந்திருக்கிறது. அதாவது ஜூன் மாதத்தில் மட்டும் 14,200 ரூபாய் வங்கிப் பக்கம் கூடியிருக்கிறது. தேட வேண்டிய தொகை கையில் கிடைத்துவிட்டது. ஜூன் அறிக்கையில் 14,200 என்று ஒரே ஒரு வரவு இருக்கிறது, 17-ஆம் தேதி நெஃப்ட் வழியாக வந்தது. ஏட்டில் அது இல்லை. மே மாதமும் ஜூன் மாதமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுத்ததால்தான் ஜூன் கடைசியில் 1,684 என்ற சாதுவான எண் மிஞ்சியிருக்கிறது. பல கடைகளில் இந்த அளவு வித்தியாசத்தை 'வங்கிக் கட்டணம்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் இந்த 14,200-மும் கீழே சொல்லப்போகிறவையும் புதைந்து போயிருக்கும்.

அந்த 14,200-ஐ அனுப்பியவரின் பெயர் கடையின் பெயராக இல்லை, ஒரு தனி நபரின் பெயர். கடைக்காரர் தன் வீட்டார் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கலாம். உங்கள் பேரேட்டில் ஜூன் நடுவில் 14,200 பாக்கி யாருக்கு இருந்தது என்று பாருங்கள், அந்தத் தொகைக்குப் பட்டியல் போட்டவர் ஒருவர் கிடைப்பார். அவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு அவர் கணக்கில் வரவு வையுங்கள். ஊகத்தில் வைக்க வேண்டாம். ஆள் தெரியும்வரை அனாமத்துக் கணக்கில் நிற்கட்டும். கேட்டுத் தெளிவதற்குள் மாமனார் அவரிடம் போய்ப் பாக்கி கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்து வியாபாரத்தில் அது மனக்கசப்பில் முடியும்.

மே மாதத்துக்கு வருவோம், இது கொஞ்சம் சுவையானது. 12,516 என்று ஒரு வரியும் இல்லை, ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கிறது. அறிக்கையில் டிக் விழாமல் நிற்கும் வரிகளைப் பாருங்கள். மே 13-ஆம் தேதி தென்காசிக் கடையின் 10,480 ரூபாய் காசோலை வரவாகியிருக்கிறது. நீங்கள் அதற்கு டிக் போட்டுவிட்டுத் திருப்தியாகக் கீழே போய்விட்டீர்கள். இரண்டு வரி தள்ளி அதே 10,480 பற்றில் நிற்கிறது, குறிப்பில் `CHQ RET` என்று இருக்கிறது. கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பிவிட்டது. அதற்குக் கீழே 236 ரூபாய்: திரும்பியதற்கான கட்டணம் 200, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் இந்த 36 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வழியில்லை, முழு 236-ம் வங்கிக் கட்டணச் செலவு.

இந்த மூன்று வரிகள் சேர்ந்த தோற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரவு, அதே தொகைக்கு ஒரு பற்று, அருகில் சில நூறு ரூபாய்க் கட்டணம். டிக் போடுகிறவர்கள் முதல் வரியோடு நின்றுவிடுவதால் இது எளிதில் தப்பிவிடும். ஏட்டில் தென்காசிக் கடையின் கணக்கில் 10,480-ஐ மீண்டும் பற்று எழுதி வங்கிப் பத்தியில் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பாக்கி இல்லாதவராகவே காட்சி தருவார்.

இதில் கணக்கைத் தாண்டிய ஒரு நஷ்டமும் உண்டு. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். திரும்பிய காசோலையும் வங்கியின் குறிப்புச் சீட்டும் கடைக்கு வந்திருக்கும், மாமனாரின் மேசை இழுப்பறையில் தேடுங்கள். மே மாதமே வந்திருந்தால் அந்த 30 நாட்கள் முடிந்துவிட்டன. ஆனால் காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை மறுபடியும் வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் நோட்டீஸுக்கு அவகாசம் புதிதாகத் தொடங்கும். காசோலையில் எழுதிய தேதி மே 11, ஆகவே ஆகஸ்ட் நெருங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். முதலில் தென்காசிக்கு ஒரு பேச்சுப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே முடியும்.

10,480-மும் 236-மும் சேர்ந்து 10,716. 12,516-இல் இதைக் கழித்தால் 1,800 மிஞ்சுகிறது. அறிக்கையில் 1,800 என்று எதுவும் இல்லை, ஏட்டிலும் இல்லை. இப்போதுதான் ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 1,800 வகுபடுகிறது. எந்த இடத்து இலக்கங்கள் என்றும் சொல்லிவிடலாம். ஆயிரத்தின் இடமும் நூறின் இடமும் மாறினால் வித்தியாசம் 900-இன் மடங்காக வரும். 1,800 என்பது 900-இன் இரு மடங்கு. ஆகவே ஆயிரத்தின் இலக்கத்துக்கும் நூறின் இலக்கத்துக்கும் இடையே இரண்டு வித்தியாசம் உள்ள ஒரு தொகையைத் தேடுங்கள். மே 21-இல் நாகர்கோவில் கடையிலிருந்து நெஃப்ட் வழியாக வந்ததாக 17,500 எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையில் அதே நாளில் 15,700. ஏழும் ஐந்தும் இடம் மாறிவிட்டன.

இந்த ஒன்பது வித்தையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலர் இதை முதலிலேயே போட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள். உங்கள் மே வித்தியாசமான 3,516 ஒன்பதால் வகுபடாது, 12,516-உம் வகுபடாது. ஆனால் உள்ளே இலக்கம் மாறிய தவறு இருந்தது. மற்ற காரணங்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு தவறு மட்டும் மிஞ்சும்போதுதான் இது வேலை செய்யும். வகுபட்டுவிட்டால் உடனே நம்பிவிடவும் கூடாது. 1,800-இன் பாதி 900. 900 ரூபாய்ச் செலவு ஒன்றைத் தவறுதலாகப் பணம் வந்ததாகப் பற்றுப் பக்கம் எழுதியிருந்தாலும் இதே 1,800-தான் வரும். அதையும் பார்த்தேன், உங்கள் மே மாத ஏட்டில் 900 ரூபாய்க்குப் பதிவே இல்லை. ஆகவே நாகர்கோவில்தான்.

எஞ்சியிருப்பது அச்சகத்தின் 9,000. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதை நேரத்தால் வந்த வித்தியாசம் என்று எழுதினோம், அது சரி. மேலே ஜூன் கணக்கிலும் அப்படியே சேர்த்தோம், ஆனால் ஜூன் 30-இல் அப்படி எழுத முடியாது. காசோலையின் ஆயுள் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். மார்ச் 12-இல் எழுதியது ஜூன் 12-ஓடு காலாவதியாகிவிட்டது. இனி அதை வங்கி ஏற்காது, ஆகவே இந்த வித்தியாசம் தானாகச் சரியாகப் போவதில்லை. ஏட்டில் வங்கிப் பத்தியில் 9,000-ஐத் திரும்பச் சேர்த்து, அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கியாக மறுபடியும் காட்டுங்கள். நிலுவைப் பட்டியலில் ஒரே வரி மூன்று மாதமாக அசையாமல் நின்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

போட்ட காசோலை வரவாகாமல் நிற்பதையும் இப்போது இன்னும் கடுமையாகப் பார்க்க வேண்டும். முன்பு இரண்டு, மூன்று நாள் ஆவது சகஜமாக இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைப் பரிவர்த்தனை நாள் முழுவதும் தொடர்ச்சியாக நடக்கும் முறைக்கு மாறியிருக்கிறது, காலையில் போட்ட காசோலையின் கதி பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். விடுமுறை எதுவும் குறுக்கிடாமல் ஒரு காசோலை மூன்று நாளுக்கு மேல் நின்றால், அது தொலைந்திருக்கிறதா, உங்கள் ஏட்டில் மட்டும் போட்டதாக எழுதிவிட்டு மேசையிலேயே கிடக்கிறதா என்று தேடுங்கள். கியூ.ஆர். வசூலுக்கும் செயலி தரும் தினசரிப் பட்டியலை வைத்தே ஒப்பிடுங்கள். நீங்கள் கடை சாத்தும் நேரத்தோடு ஒரு நாளை முடிக்கிறீர்கள், செயலியின் நாள் வேறொரு மணிக்கு முடியலாம். அதனால் அறிக்கையின் ஒற்றைத் தொகை உங்கள் எந்த நாளோடும் பொருந்தாமல் போகும்.

இப்போது ஏட்டைத் திருத்துங்கள். பழைய பதிவை அடித்து எழுத வேண்டாம், வெள்ளை மை தடவவும் வேண்டாம். தவறு தெரிய வந்த தேதியில் தனித்தனித் திருத்தப் பதிவுகளாக எழுதி, எந்த நாளின் எந்தப் பதிவைத் திருத்துகிறீர்கள் என்று அருகிலேயே குறியுங்கள். மே மாதத்தைத் திருத்துவதற்காக மே 31 இருப்பை மாற்றினால் ஜூன் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஜூன் 30-இல் உங்கள் ஏட்டிருப்பு 1,56,700. அதில் 10,480, 236, 1,800 ஆகிய மூன்றையும் கழித்து, 14,200-ஐயும் 9,000-ஐயும் சேர்த்தால் 1,67,384. வங்கி இருப்பு 1,80,044. அதில் இன்னும் வராத 19,000-ஐக் கழித்து, மறுநாள் வர வேண்டிய 6,340-ஐச் சேர்த்தால் அதுவும் 1,67,384. பட்டியலில் நிற்க வேண்டியவை இந்த இரண்டு வரிகள் மட்டும்தான். வங்கியின் பக்கத்தில் தவறே வராது என்று சொல்லவில்லை, இன்னொருவர் கணக்கின் தொகை நம் கணக்கில் விழுவதும் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் இதே பட்டியலில் தனி வரியாக நிற்கும், ஏட்டைத் தொடாமல் கிளைக்குக் கடிதம் எழுதுவீர்கள். உங்கள் மூன்று மாதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஜூலை அறிக்கை வந்ததும் முதலில் 6,340-ஐயும் 19,000-ஐயும் தேடி டிக் போடுங்கள். சிவகாசி அச்சகத்துக்குப் புதிய காசோலை எழுதும் முன் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாமனார் அந்த 9,000-ஐ ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். சிவகாசியிலிருந்து நான்கு மாதமாக யாரும் பணம் கேட்டு வரவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.